உப்பிட்டவரிடமே காய்ந்தது?

ஞாயிறு போனபின் வருவது? (4)

குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பு வந்தால் பலரும் ஒரு கணம் புன்னகைத்துவிட்டு, "திங்கள்" என்று நான்கு கட்டங்களையும் நிரப்பி அடுத்ததற்குப் போய்விடுவார்கள். தி, ங், க, ள். சரிதான். ஆனால் கடைசியில் நிற்கும் அந்தக் கேள்விக்குறியை ஒரு நிமிடம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமை வருவது உலகறிந்த செய்தி. அதற்கு எதற்குச் சந்தேகக் குறி?

ஞாயிறு என்றால் கதிரவன். திங்கள் என்றால் நிலா. கிழமைகள் அந்தப் பெயர்களை இரவல் வாங்கியவை. கதிரவன் போனபின் நிலா வருகிறது, விடுமுறை போனபின் வேலைநாள் வருகிறது. ஒரே நான்கு எழுத்துக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. இப்போது "போனபின்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "முடிந்தபின்" என்று போட்டிருந்தால் கிழமைக்கு மட்டும் பொருந்தும்; சூரியன் முடிவதில்லை. "மறைந்தபின்" என்றால் சூரியன் பக்கம் சாய்ந்துவிடும். கிழமை மறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. "போனபின்" மட்டும் இரண்டு பக்கமும் ஒரே எடையில் நிற்கிறது. பொழுது போனபின் என்கிறோம், போன ஞாயிறு என்கிறோம். தராசு முள் நடுவில் நிற்க, அந்த ஒரு வினைச்சொல்தான் படிக்கல்.

கேள்விக்குறிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நாங்கள் நல்லவாடு கடற்கரைக்காரர்கள். நிலாவை நாள்தோறும் பார்க்கிறவர்கள். கதிரவன் மேற்கே இறங்குகிற அதே வேளையில் கடலுக்குள்ளிருந்து நிலா எழுவது பௌர்ணமியன்றுதான். அதற்கு அடுத்த நாட்களில் அது தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். வளர்பிறையில் பொழுது சாயும்போதே வானத்தில் ஏறி நிற்கும். அமாவாசையன்று வரவே வராது. ஆக, "ஞாயிறு போனபின் வருவது" கிழமைக்கு எப்போதும் உண்மை, நிலாவுக்குச் சில நாட்களில்தான் உண்மை. புதிர் கட்டியவர் அதை அறிந்தே குறி போட்டிருக்கிறார். "நான் சொல்வதை நேர்விளக்கமாக எடுத்துக்கொள்ளாதே, ஆனால் பொய்யும் சொல்லவில்லை" என்று அந்த வளைந்த கோடும் புள்ளியும் சேர்ந்து சொல்கின்றன.

தமிழில் இந்தக் குறி இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். காரணம் இலக்கணம். தமிழில் கேள்வி கேட்க நமக்குக் குறி தேவையே இல்லை. யார், என்ன, எங்கே என்ற சொற்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் "வந்தானா" என்று ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் போதும். ஓலைச்சுவடியில் கேள்விக்குறி கிடையாது. அச்சு வந்தபின் வந்த விருந்தாளி அது. ஆகவே வினாச்சொல்லும் இல்லாமல், ஆகாரமும் இல்லாமல் ஒரு தொடரின் முடிவில் அந்தக் குறி நின்றால், இலக்கணப்படி அதற்கு அங்கே வேலையே இல்லை. வேலை இல்லாத இடத்தில் ஒருவர் நின்றால் ஏதோ காரியமாகத்தான் நிற்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய வாரப் பத்திரிகைப் புதிர்கள் பலவற்றில் "தமிழ்நாட்டின் தலைநகர்?" என்கிற மாதிரி சாதாரணக் குறிப்புக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே அது கோடிட்ட இடத்தை நிரப்புக என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தப் பழக்கத்தோடு சிலேடைப் புதிருக்கு வருகிறவர்கள் முதலில் தடுமாறுவதும் இதனால்தான்.

எனக்கு இந்தக் குறியைக் காட்டிக் கொடுத்தது ஆங்கிலப் பத்திரிகை. வேலையில் இருந்த காலத்தில் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது 'தி இந்து' வாங்குவேன். இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி ஓய்வுக்குப் பிறகு அந்தப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் கட்டினார் என்று பின்னால் படித்தபோது பெருமையாக இருந்தது. செங்கல்பட்டில் பிறந்தவர், 1958இல் கடற்படைத் தலைமைக்கு வந்தவர்.

ஆங்கிலப் புதிர் உலகில் கிழவர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அறிந்த பழைய குறிப்பு ஒன்று உண்டு. லண்டனின் 'ஃப்ளவர்' எது என்று கேட்கும். விடை தேம்ஸ் நதி. எழுத்தில் பார்த்தால் பூ. 'ஃப்ளோ' என்ற ஓடுதலிலிருந்து வந்த பெயராக வாசித்தால் ஓடுவது, அதாவது ஆறு. கண்ணுக்கு ஒரு சொல், வாய்க்கு ஒரு சொல். முதன்முதலில் இதை அவிழ்த்த அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். 1913 டிசம்பர் 21ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டபோது இந்த விளையாட்டெல்லாம் இல்லை, நேர்ப்பொருள்தான். இன்றைக்கு அமெரிக்கப் புதிர்களில் பெரும்பாலான குறிப்புகள் நேரானவை; அவற்றின் நடுவே கேள்விக்குறி போட்டது மட்டும் சிலேடை என்பது அங்கே எழுதாத ஒப்பந்தம். இங்கிலாந்து வழிப் புதிர்களில் எல்லாக் குறிப்புமே வேஷம் கட்டியவை. அங்கே கேள்விக்குறி வந்தால், வேஷத்துக்குள் இன்னொரு வேஷம்.

தமிழில் இந்த இங்கிலாந்து வழியைக் கொண்டுவந்தவர்களில், அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் புதிர் அமைத்த வாஞ்சிநாதனைச் சொல்ல வேண்டும். தமிழில் கட்டம் என்பது எழுத்துக்கு ஒன்று. 'கா' ஒரு கட்டம், 'ங்' ஒரு கட்டம். ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதுச்சொல் கட்டுவது சுலபம். தமிழில் உயிர்மெய் இறுகி ஒட்டிக்கொண்டிருப்பதால் கலைத்தாலும் அதிகம் நகராது. ஆனால் சொல்லைப் பிரித்தால் பொருள் மாறுகிற வசதி தமிழுக்கு ஏராளம். அது நமக்குப் புதிதும் இல்லை. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழி. பிரித்தால் ஒன்று, சேர்த்தால் ஒன்று என்றால் பிரிமொழி. ஞாயிறும் திங்களும் செம்மொழி.

பிரிமொழிக்கு நான் கட்டியதில் எனக்கே பிடித்த ஒன்று:

துர்க்கைக்கு இருப்பது தச்சரிடமும் இருக்கும்? (3)

விடை பலகை. அம்மனுக்குப் பல கை, தச்சருக்குப் பலகை. இதை அவிழ்க்கிறவர் முதலில் சூலம், சிங்கம், வாள் என்று தேடுவார். சூலத்துக்கும் தச்சுப் பட்டறைக்கும் சம்பந்தம் இருக்காது. பிறகு உளி, ரம்பம் என்று அந்தப் பக்கமிருந்து வருவார். அம்மன் கையில் ரம்பம் இராது. இரண்டு பக்கமும் பொருள்களாகவே தேடித் தேடிக் களைத்த பிறகுதான், தேட வேண்டியது பொருளை இல்லை, சொல்லை என்று உறைக்கும். கேள்விக்குறி சொன்னது அதைத்தான். காளமேகம் பாம்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சிலேடை பாடியபோது இரண்டையும் நம் கண்முன் வைத்துவிட்டு எப்படிப் பொருந்துகிறது பார் என்றார். புதிர்க்காரர் ஒன்றைக் காட்டி மற்றதை முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்கிறார். வித்தை ஒன்றே, மறைக்கிற இடம் வேறு.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். ஒரு குறிப்பை நான் எப்படிக் கட்டினேன், எங்கே சறுக்கினேன் என்பதைச் சொன்னால், வாசிக்கிறவர்களுக்கு அவிழ்க்கும் வழியும் பிடிபடும்.

எங்கள் தெருவில் கருவாடு காயாத நாள் குறைவு. மழைக்காலம் தவிர, வலையையும் கீற்றையும் விரித்து மணலில் மீன் கிடக்கும். 'கருவாடு' என்ற நான்கெழுத்துக்கு ஒரு சிலேடைக் குறிப்பு வேண்டும் என்று பல நாள் யோசித்தேன். முதலில் எழுதியது: "வாடினால்தான் விலைபோகும்?" பூ வாடினால் விலைபோகாது, கீரை வாடினால் விலைபோகாது, இது வாடினால்தான் போகும். எனக்கு ஒரே சந்தோஷம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நண்பரிடம் காட்டினேன். பார்த்தவுடனே, "விடையின் பாதியைக் குறிப்பிலேயே வெச்சிட்டீங்களே" என்றார். வாடினால் என்பதில் வாடு, கருவாட்டிலும் வாடு. ஒளித்து வைக்கிற பொருளின் வால் வெளியே தெரிவது போல. சிலேடை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் குற்றம் குற்றம்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முறை, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழி கைகொடுத்தது. உப்பிட்டவர் என்றால் சோறு போட்டவர், நன்றிக்கு உரியவர். அதே சொல்லை அப்படியே நேராக எடுத்தால், மீனுக்கு உப்பு வைத்தவர். இன்னொரு பக்கம் 'காய்தல்'. வெயிலில் உலர்வதும் காய்தல், சினப்பதும் காய்தல். காய்தல் உவத்தல் இன்றி என்கிறோமே, அந்தக் காய்தல். இரண்டையும் சேர்த்தேன்:

உப்பிட்டவரிடமே காய்ந்தது? (4)

மேலோட்டமாக வாசித்தால், சோறு போட்ட கையின் மேலேயே சீறிய ஒரு நன்றிகெட்ட பிராணியின் கதை. உள்ளே போனால், உப்பு வைத்த பெண்ணின் முற்றத்திலேயே உலர்ந்து கிடக்கிற மீன். 'உப்பிட்டவரிடமே' என்ற ஏகாரம் மேல்கதையில் ஆற்றாமை. உள்கதையில் வெறும் இடம். 'காய்ந்தவன்' என்று எழுத ஒரு கணம் கை போனது. அப்படி எழுதியிருந்தால் மேல்கதை இன்னும் அழகாக, ஒரு மனிதனின் துரோகமாக ஆகியிருக்கும். ஆனால் கருவாடு அஃறிணை. ஆங்கிலத்தில் 'ஒன்' என்று பொதுவாகச் சொல்லிப் பொருளையும் ஆளையும் குழப்பலாம். தமிழில் வினைமுற்றின் வாலிலேயே திணை ஒட்டியிருக்கிறது. கேள்விக்குறி போட்டிருக்கிறேன் என்பதற்காகத் திணையைப் பொய்யாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். அவிழ்க்கிறவர் நம்புவது அந்த விகுதியை. சொல்லின் பொருளில் ஏமாற்றலாம், விகுதியில் ஏமாற்றக் கூடாது.

இதையும் நண்பரிடம் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் நிரப்பிக் கொண்டுவந்தார். நிரப்பியிருந்தது, வற்றல்!

வ, ற், ற, ல். நான்கு கட்டம். உப்பிட்டுக் காயவைப்பதுதானே வற்றலும்? அவர் வீட்டில் மீன் கிடையாது. அவருக்கு வற்றல்தான் முதலில் தோன்றும். யோசித்தால் வடகமும் பொருந்துகிறது. அதுவும் நான்கு கட்டம். இங்கேதான் கேள்விக்குறிக் குறிப்புகளின் பெரிய பலவீனம் இருக்கிறது. மற்ற வகைக் குறிப்புகளில் விடையைச் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் எழுத்துக் கோவை. "வெற்றிலைக்கு வேண்டியது அரை டஜன், அதில் படகு விடலாம் (6)" என்றால் சுண்ணாம்பு, ஆறு; சேர்த்தால் நோணாங்குப்பத்தில் நாம் படகேறும் சுண்ணாம்பாறு. படகு விடுவது பொருளைச் சொல்கிறது, சுண்ணாம்பும் ஆறும் எழுத்தைச் சொல்கின்றன. இரண்டும் ஓரிடத்தில் வந்து முட்டினால் விடை உறுதி. அதற்குக் கேள்விக்குறியும் வேண்டாம். முழுக்க முழுக்கச் சிலேடையில் தொங்குகிற குறிப்புக்கு அந்த இரண்டாவது சாட்சி இல்லை. குறுக்கே வெட்டுகிற சொல்லின் எழுத்துகள்தான் சாட்சி. ஆகவே இப்படிப்பட்ட குறிப்பைக் கண்டால் முதலில் விடை தோன்றினாலும் பென்சிலால் எழுதுங்கள். மேலிருந்து கீழ் வருகிற ஒரு சொல்லாவது வந்து கைகொடுத்தபின் பேனாவை எடுங்கள். புதிர் கட்டுகிறவருக்கும் இதில் கடமை உண்டு. வேறு விடைகள் நுழைகிற வாசலை அவர்தான் அடைக்க வேண்டும்.

நான் அடைத்தது இப்படி:

கடலை விட்டு வந்து, உப்பிட்டவரிடமே காய்ந்தது? (4)

இப்போது வற்றலும் வடகமும் வெளியே போய்விட்டன. மேல்கதையும் வளர்ந்தது; எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து ஒண்டிக்கொண்டு, சோறு போட்டவர்மேலேயே சீறுகிற கதை. எதிர்பாராமல் ஒரு பரிசும் கிடைத்தது. 'கடலை' என்று எழுத்தில் பார்க்கிறவருக்கு வேர்க்கடலை நினைவு வரும், அதற்கும் உப்புக்கும் உறவு உண்டு, கொஞ்ச தூரம் அந்த வழியில் போய்த் திரும்பி வருவார். இது நான் திட்டமிட்டதல்ல. தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபு தானாகச் செய்து கொடுத்தது.

இத்தனையும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா நாற்பது வருடமாகக் கருவாடு போடுகிறவர். அவருக்குக் குறிப்பை வாசித்து விடையையும் சொன்னேன். சிரித்தார். பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, நெத்திலிக்கு எவ உப்பு வைப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. வாளை, சுறா மாதிரி மீன் என்றால் கீறி, குடல் எடுத்து, உப்பு வைத்து ஊறப்போட்டுத்தான் காயவைக்க வேண்டும். சதை கனமாக இருப்பதால் வெயில் உள்ளே இறங்குவதற்குள் கெட்டுவிடும். நெத்திலி விரல் பருமன் கூட இல்லாதது. கடலிலிருந்து வந்ததை அலசி, அப்படியே கொட்டிப் பரப்பினால் நல்ல வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும். உப்பே வேண்டாம். ஆக, உப்பிடாத கருவாடும் உண்டு, அதுவும் எங்கள் தெருவிலேயே. என் குறிப்பு எல்லாக் கருவாட்டுக்கும் உண்மை இல்லை.

அன்று ராத்திரி முழுக்க இதே யோசனை. கடைசியில் சமாதானம் தந்தது அந்தக் கேள்விக்குறிதான். ஒரு வகையைச் சொல்லி முழு இனத்தையும் குறிக்கும்போது, 'எடுத்துக்காட்டாக' என்கிற பொருளில் அதே குறியைப் போடுவது புதிர்க்காரர்களின் நெடுநாள் வழக்கம். பௌர்ணமி நிலாவை வைத்து எல்லா நிலாவையும் சொன்னது போல, வாளைக் கருவாட்டை வைத்து எல்லாக் கருவாட்டையும் சொல்லியிருக்கிறேன். குறி இல்லாமல் இருந்திருந்தால் அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குறி இருப்பதால் குறிப்பு பிழைத்தது. அக்காவிடம் மறுநாள் இதைச் சொன்னபோது, "அப்ப சரி, சில மீனுக்குன்னு அர்த்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் இரவெல்லாம் தேடிய விளக்கம் அதுதான்.

ஆனால் கேள்விக்குறி எல்லாப் பாவத்தையும் கழுவிவிடாது. என்னிடம் ஒரு குறிப்பு கிடக்கிறது, ஆண்டுக்கணக்காக: "கண்ணீரை மட்டும் தேக்கும் அணை? (4)" விடை தலையணை. இதைவிட அழகான மேல்கதை என் கையில் இதுவரை வரவில்லை. ஊரில் யாரும் பார்க்காமல் இரவில் நிரம்புகிற ஓர் அணைக்கட்டு. 'மட்டும்' என்ற சொல்லில் எத்தனை வலி! ஆனால் விடையின் பாதியான 'அணை' குறிப்பிலேயே வெளிப்படையாக நிற்கிறது. "வாடினால்தான்" செய்த அதே குற்றம். அணையை எடுத்துவிட்டு "கண்ணீரை மட்டும் தேக்குவது" என்றால் சிலேடை செத்துவிடுகிறது. கண்ணே போதும், இமையே போதும், கைக்குட்டையும் போதும். நண்பர் இதை அப்படியே போடலாம் என்கிறார், அழகுக்காக ஒரு விதியை மன்னிக்கலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இந்த ஆட்டத்தில் அவிழ்க்கிறவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, கட்டுகிறவர் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற கட்டுப்பாடுதான். குறிப்பை நோட்டிலேயே வைத்திருக்கிறேன்.

இனிக் குறுக்கெழுத்தில் கேள்விக்குறியைக் கண்டால் விடை எழுதியதும் கடந்து போய்விடாமல், குறிப்பை மறுபடி ஒரு முறை வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லும் விடைக்கு உண்மையாக இருக்கிறதா, எந்தச் சொல் இரண்டு பக்கமும் திரும்பியது, அந்தக் குறி நியாயமாக நிற்கிறதா என்று பாருங்கள். பார்ப்பதற்கு ஒன்று கொடுத்துவிட்டு முடிக்கிறேன். விடையை இங்கே எழுதவில்லை:

பகல் முடியும்போது கழுத்தில் விழுவது? (2)